நான்கு பேர், ஒரு நெறியாளர், மூன்று கேமரா: கலந்துரையாடல் வீடியோவைத் திட்டமிடும் முழு வழிகாட்டி

கேமராவை வாடகைக்குப் பேசுவதற்கு முன்பே இந்த வேலையில் பாதி முடிந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஹால், அப்புறம் கேமரா, அப்புறம் விருந்தினர்கள், கடைசியில் காரில் வரும்போது கேள்விகள். எடிட்டில் உட்காரும்போதுதான் தெரியும்: வெட்டிய இடத்தை மறைக்க மேலே வைக்கும் வேறு காட்சி, அதாவது கட்அவே, ஒன்று கூட இருக்காது, பெயர் போட நினைத்த இடத்தில் ஐந்து பேரும் ஒன்றாகத் தெரிவார்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன். மதுரை மல்லியின் விலை பற்றி 40 நிமிடக் கலந்துரையாடல். பேசுபவர்கள் நான்கு பேர்: உசிலம்பட்டிப் பக்கம் மல்லி போட்டிருக்கும் விவசாயி ஒருவர், மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர் ஒருவர், தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர், கோயில் வாசலில் பூக் கட்டி விற்கும் அக்கா ஒருவர். நெறியாளர் ஒரு கல்லூரி ஆசிரியை.

1. ஒரே தாளில் நான்கு கட்டங்கள்

ஒரு முழு வெள்ளைத் தாளைப் படுக்கையாக வைத்து நான்கு கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் கேள்வி. இரண்டாவதில் முதலில் பதில் சொல்பவர் யார், அதை மறுக்கக்கூடியவர் யார் என்ற இரண்டு குறிப்புகள். மூன்றாவதில் திரையில் வரும் தலைப்பு. நான்காவதில் அந்தப் பதிலின் மேல் வைக்க வேண்டிய காட்சி.

இந்த நான்கையும் தனித்தனித் தாள்களில் எழுதினால் ஒன்றோடொன்று ஒட்டாது. கேள்வி எழுதுபவர் ஒருவர், சந்தையில் படம் எடுப்பவர் இன்னொருவர், திரையில் வரும் பெயர், தலைப்புப் பட்டைகளைச் செய்பவர் மூன்றாமவர் என்று பிரித்துக் கொடுக்கிற குழுக்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சந்தைக்குப் போனவர் அழகான பூக்கூடைகளை எடுத்து வருவார். உரையாடலோ விவசாயி கமிஷன் கடையில் வாங்கும் முன்பணத்தைப் பற்றி நடந்திருக்கும். கூடைகளை எங்கே வைப்பது?

அடுத்து நேரக் கணக்கு. 40 நிமிடத்தில் அறிமுகத்துக்கு 2, முடிவுக்கு 2 போக மீதி 36. இதை நான்கு பகுதியாகப் பிரித்தால் பகுதிக்கு 9 நிமிடம். ஒருவர் தடையில்லாமல் பதில் சொன்னால் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். அப்படியென்றால் ஒரு பகுதிக்குள் நான்கு, மிஞ்சினால் ஐந்து பதில்கள்தான் அடங்கும். பதினைந்து, இருபது கேள்விகளோடு வருகிற நெறியாளர்களிடம் நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். மொத்தத்தில் பன்னிரண்டு கேள்விகள் போதும்.

எங்கள் உதாரணத்தின் நான்கு பகுதிகள்: பறிப்பில் இருந்து சந்தை வரை, கிலோ விலையை யார் வைப்பது, முன்பணம், விலை விழும் நாளில் பூ எங்கே போகிறது.

2. கேள்விகள்: யாரை முதலில், யாரை அடுத்து

ஒரே கேள்வியை நான்கு பேரிடமும் வரிசையாகக் கேட்பதுதான் புதியவர்களின் பெரிய தவறு. எட்டு நிமிடம் போய்விடும். மூன்றாவது ஆள் "அவங்க சொன்னதுதான்" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பதிலாக ஒருவரிடம் கேளுங்கள், அவர் சொன்னதைத் தூக்கி நேரே எதிர்ப்பக்கத்தில் வையுங்கள்.

விலைப் பகுதியை அப்படியே எழுதிக் காட்டுகிறேன். முதல் கேள்வி விவசாயிக்கு: "ஐயா, கடைசியா நீங்க சந்தைக்கு அனுப்பின பூவுக்கு என்ன விலை கிடைச்சது? அதுல பறிப்புக் கூலி, வண்டி, கமிஷன் எல்லாம் போக கையில எவ்வளவு நின்னது?" இரண்டாவது கமிஷன் கடைக்காரருக்கு: "அண்ணே, அதே நாள்ல காலை ஆறு மணிக்கு ஒரு விலை, ஒன்பது மணிக்கு ஒரு விலைன்னு மாறுதே, அதை மாத்துறது யாரு?" மூன்றாவது பூக் கட்டும் அக்காவுக்கு: "அக்கா, சந்தையில விலை இறங்கினா முழம் விலையையும் உடனே இறக்க முடியுதா?" அலுவலரை இந்தப் பகுதியில் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். அவர் முதலில் பேசினால் மற்ற மூவரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். கையில் நின்ற பணத்தைச் சொன்னவர்களுக்குப் பிறகு அவர் விளக்கம் வந்தால் அதற்கு ஒரு பிடி கிடைக்கிறது.

கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மூன்று. ஒரு மூச்சில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். "ஏன், எப்படி, அதற்கு என்ன தீர்வு" என்று மூன்றைக் கோத்தால் பதில் சொல்பவர் தனக்கு எளிதானதை மட்டும் எடுத்துக்கொள்வார். "உங்கள் கருத்து என்ன" என்று முடியக் கூடாது, ஒரு நாளையோ தொகையையோ நடந்ததையோ கேட்க வேண்டும். மூன்றாவது, யாரிடம் கேட்கிறோமோ அவரை விளித்துத்தான் கேள்வி தொடங்க வேண்டும். அந்த "அண்ணே" என்ற சொல் காதில் விழுந்ததும் கேமராக்காரர் அவர் பக்கம் திரும்பிவிடுவார். எடிட்டருக்கும் வெட்ட ஒரு இடம் கிடைக்கும்.

விளிப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலுவலரை "சார்" என்று அழைத்துவிட்டு, பூ விற்பவரை "ஏம்மா, நீ சொல்லு" என்று அழைத்த பதிவு ஒன்றை எடிட் செய்ய எனக்கு வந்தது. சரிசெய்ய வழியே இல்லை, அந்த ஒருமை பதினோரு இடங்களில் இருந்தது. அவரவரை எப்படி அழைப்பது என்பதை அவரவரிடமே கேட்டு, தாளில் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். நால்வருக்கும் 'நீங்கள்'தான், அதில் பேரம் கிடையாது.

நீளமாகப் பேசுகிறவரை நிறுத்துவதற்கும் இரண்டு வாக்கியங்களை நெறியாளர் முன்பே பழகி வைத்திருக்க வேண்டும். "ஐயா, அந்த முன்பணத்துலயே ஒரு நிமிஷம் நிப்போம்" என்பது எனக்குப் பிடித்தது. பேச்சை மறிக்கிறோம் என்று தோன்றாது. அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு அடுத்தவருக்குப் போய்விடலாம்.

கேள்விகளை முன்கூட்டியே கொடுக்கலாமா? தொகையும் கணக்கும் கேட்கிற கேள்விகளைக் கொடுத்துவிடுங்கள், அவர் சிட்டையைப் பார்த்து வரட்டும். மற்றதற்குத் தலைப்பு மட்டும் போதும். எல்லாவற்றையும் கொடுத்தால் முதல்முறை கேமரா முன் உட்காருகிறவர் மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்பார்.

3. பதிவுக்கு இரண்டு நாள் முன்: பெயரை அவர்கள் கையாலேயே வாங்குவது

பேசுபவர் ஒவ்வொருவரும் தன் பெயரைத் திரையில் எப்படி வர வேண்டுமோ அப்படியே ஒரு காகிதத்தில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர் என்றால் நீங்கள் நேரில் போய் எழுதி, வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். போனில் கேட்டு எழுதினால் தவறும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், தமிழில் பெயர் தவறுவதற்கு வழிகள் அதிகம். முதலெழுத்து 'எஸ்.' என்பதா 'செ.' என்பதா என்பது அவர் தீர்மானம். 'ராஜ'வா 'இராச'வா என்பதும் அப்படித்தான். அவர் ரேஷன் அட்டையில் ஒன்று இருக்கும், ஊரில் அழைப்பது வேறாக இருக்கும். அவர் விரும்புவதுதான் திரையில் வர வேண்டும்.

இரண்டாவது வரிக்கு அவர் என்னவாகப் பேச வருகிறார் என்பது போதும். "மல்லி விவசாயி, உசிலம்பட்டி வட்டாரம்" என்பது மாதிரி. ஐந்து சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர் ஐந்தையும் போடச் சொல்வார். இந்த உரையாடலுக்குப் பொருந்தும் ஒன்றைத் திரையிலும் மற்றவற்றை வீடியோவுக்குக் கீழே எழுதும் குறிப்பிலும் போடுவதாக அப்போதே பேசி முடித்துவிடுங்கள். வெளியான பிறகு பேசினால் அது மனத்தாங்கலாகத்தான் முடியும்.

கோடு, கட்டம் நெருக்கமாக உள்ள சட்டையும் சேலையும் கேமராவில் அலை அலையாக நெளியும். அதையும் பெயர் கேட்கும்போதே சொல்லிவிடலாம்.

4. அறை, நாற்காலி, கேமரா

நெறியாளரை நடுவில் உட்கார வைப்பது மேடைப் பழக்கம். மூன்று கேமராக்களில் எடுக்கும்போது அவரை ஒரு ஓரத்தில் உட்கார வையுங்கள். திரையில் பார்க்கும்போது இடது ஓரத்தில் நெறியாளர், அவரில் இருந்து வலது பக்கமாக லேசான வளைவில் நால்வர். இப்படி இருந்தால் நெறியாளரிடம் பேசும்போது நால்வரும் திரையின் இடப்பக்கம் பார்ப்பார்கள், நெறியாளர் வலப்பக்கம் பார்ப்பார். யாருடைய க்ளோஸ் ஷாட்டை நெறியாளர் ஷாட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவதாகவே தெரியும். நடுவில் உட்கார்ந்தால் இருவர் இடம், இருவர் வலம் பார்ப்பார்கள். கட்அவேயாக ஒரு முகத்தை எடுத்து வைக்கும்போது அவர் யாரைப் பார்க்கிறார் என்றே புரியாது.

முதல் கேமரா எதிரே நடுவில், ஐந்து பேரும் தெரியும்படி, அசையாமல்; இதுதான் வைட் கேமரா. இரண்டாவது இடது முன்பக்கம், நெறியாளருக்கு அருகில் இருந்து பேசுபவரின் முகத்தை எடுக்கும். மூன்றாவது வலது முன்பக்கம், நெறியாளரை எடுக்கும். மூன்றும் நெறியாளரையும் கடைசி நாற்காலியையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். "பின்னாலிருந்து ஒரு ஷாட் நல்லா இருக்கும்" என்று யாராவது கோட்டைத் தாண்டினால் அவர் எடுத்ததில் எல்லோரும் திசை மாறிப் பார்ப்பார்கள்.

மூன்று கேமராக்களிலும் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கில் டியூப்லைட்டும் எல்இடியும் பெரும்பாலும் துடிக்காது. வெள்ளைச் சமநிலையை, அதாவது ஒயிட் பேலன்ஸை, ஆட்டோவில் விடாதீர்கள், மூன்றிலும் ஒரே எண்ணை வைத்துப் பூட்டிவிடுங்கள்.

சத்தம்தான் மதுரையில் பெரிய பாடு. ஆளுக்கொரு காலர் மைக் வைத்தாலும் தலைக்கு மேல் ஃபேன் ஓடினால் அது பதிவாகும். ஃபேனை நிறுத்தினால் சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் நெற்றி வியர்வை கேமராவில் மின்னும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி பகுதிக்கு ஒரு இடைவேளை விடுவதுதான் நான் கண்ட வழி. ஹாலை உறுதி செய்யும் முன் பக்கத்துத் தெருவில் அந்த வாரம் கோயில் கொடை, பொங்கல் ஏதாவது உண்டா என்று ஒரு டீக்கடையில் விசாரித்துவிடுங்கள். ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அன்று பதிவு இல்லை.

5. பதிவு: பகுதி பகுதியாக

ஒரே ஓட்டமாக ஒரு மணி நேரம் எடுக்காமல், ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் எல்லா கேமராவையும் நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். சில கேமராக்கள் அரை மணி நேரத்தில் தானாக நின்றுவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். தனி ரெக்கார்டரில் ஒலி எடுத்தால் நீண்ட பதிவில் உதடும் ஒலியும் மெல்ல விலகும். பகுதி பகுதியாக எடுத்தால் இரண்டு தொல்லையும் போய்விடுகிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் மூன்று கேமராவும் பார்க்கும்படி நெறியாளர் ஒரு முறை கைதட்டட்டும், எடிட்டில் ஒலியைப் பொருத்துவதற்கு அதுதான் அடையாளம்.

பெயர்ப்பட்டைக்கான இடம் இங்கேதான் உண்டாகிறது. ஒருவர் முதல் முறை பேசத் தொடங்கும்போது இரண்டாவது கேமரா அவரை மார்பளவு ஃபிரேமில் பிடித்து குறைந்தது பத்து வினாடி அசையாமல் நிற்க வேண்டும். பட்டை ஆறு வினாடி நிற்கும் என்றால், முன்னும் பின்னும் இரண்டிரண்டு வினாடி தேவை. நெறியாளரும் கேள்வியை முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். "ம்… ம்… சரி" என்று நடுவில் வரும் ஒவ்வொரு ஒலியும் வெட்ட வேண்டிய இடத்தைக் கெடுக்கும்.

ஒரு ஆள் சும்மா உட்கார்ந்து கேட்டு, தாளில் நேரம் குறிக்க வேண்டும். யார் என்ன பொருளைப் பெயர் சொல்லிப் பேசினார் என்பதுதான் குறிப்பு. எங்கள் உரையாடலில் விவசாயி மொட்டுப்புழுவைப் பற்றியும், கடைக்காரர் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து விமானத்துக்கு அனுப்புவதைப் பற்றியும் பேசினால், தாளின் நான்காவது கட்டத்தில் இரண்டு புதுக் காட்சிகள் சேரும். அதனால்தான் வெளிக்காட்சிகளைப் பதிவுக்கு மறுநாள் எடுக்கச் சொல்கிறேன். முன்பே எடுத்துவிட்டால் மறுபடி ஒரு நாள் அதிகாலையில் எழ வேண்டியிருக்கும்.

மேசையில் அலங்காரத்துக்கு மல்லி வைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மல்லி மொட்டு சாயங்காலம் விரியும். ஒரு பதிவில், மதியம் மூன்று மணிக்கு மேசையில் வெள்ளை மணியாகக் கிடந்த மொட்டு, ஆறரை மணிக்கு முடிக்கும்போது மலர்ந்து கிடந்தது. எடிட்டில் கடைசிப் பகுதியின் நல்ல பதில் ஒன்றை முன்னால் கொண்டுவந்தேன்: வைட் ஷாட்டில் பூ, அடுத்த ஷாட்டில் மொட்டு, மறுபடி பூ. மொத்தப் பதிலையும் அதன் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. மேசை மேல் மாறுகிற எதையும் வைக்காதீர்கள். டீ டம்ளரும் சுவர்க் கடிகாரமும் இதே கணக்குத்தான்.

6. கேட்கும் முகங்கள்

கட்அவே என்றதும் வெளியே போய் எடுப்பதுதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் எடிட்டில் அதிகம் கைகொடுப்பது அறைக்குள் எடுத்த, கேட்டுக்கொண்டிருக்கும் முகங்கள். நான்கு நிமிடப் பதிலை இரண்டு நிமிடமாகச் சுருக்கும்போது, வெட்டிய இடத்தை மறைக்க அருகில் உட்கார்ந்திருப்பவரின் ஐந்து வினாடி முகம் போதும்.

மூன்றாவது கேமராக்காரரிடம் இதைச் சொல்லி வையுங்கள்: நெறியாளர் கேள்வி கேட்டு முடித்ததும் அவர் வேலை முடியவில்லை. பதில் ஓடும்போது கேட்பவர்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகத்திலும் பத்து வினாடி நிற்க வேண்டும். விரலில் எண்ணிக் கணக்குப் போடும் கை, சிட்டையைப் புரட்டும் கை இவையும் எடுக்கலாம். அடுத்த கேள்வி வரும் முன் நெறியாளருக்குத் திரும்பிவிட வேண்டும்.

இந்த முகங்களை எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்காரர் முதல் பகுதியில் ஒரு வேடிக்கைக்குச் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பை, விவசாயி கடனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வைத்தால் அது பொய். அவரை ஊர் முன் கெட்டவராக்குகிற பொய். நடுநிலையாகக் கேட்கும் முகத்தை அதே பகுதிக்குள் மட்டும் நகர்த்துவேன். சிரிப்பு, முகச்சுளிப்பு, தலையாட்டல் இவற்றை அவை நடந்த நொடியில் மட்டுமே வைப்பேன்.

பதிவு முடிந்ததும் யாரும் மைக்கைக் கழற்றும் முன் அரை நிமிடம் அமைதியாக இருக்கச் சொல்லி, அறையின் வெற்று ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை வெட்டிய இடங்களில் காது திடுக்கிடாமல் இருக்க அது தேவைப்படும்.

7. மறுநாள் அதிகாலை: தோட்டம், சந்தை, கோயில் வாசல்

எவ்வளவு எடுப்பது? பகுதிக்கு நான்கு இடங்களில் 15 வினாடி வெளிக்காட்சி என்று வைத்தால் பகுதிக்கு ஒரு நிமிடம், மொத்தம் நான்கு நிமிடம். ஒரு ஷாட் நான்கைந்து வினாடி ஓடும் என்பதால் ஐம்பது அறுபது ஷாட் வேண்டும். இதைப் பத்துப் பொருளாகப் பிரித்து, பொருளுக்கு ஆறு ஷாட் எடுங்கள். வைட் ஒன்று, மிட் இரண்டு, க்ளோஸ் மூன்று. ஒவ்வொன்றையும் பத்து வினாடி அசையாமல் பிடிக்க வேண்டும். புதியவர்கள் மூன்றாவது வினாடியில் கேமராவை நகர்த்திவிடுவார்கள். அந்த ஷாட்டை எதற்கும் பயன்படுத்த முடியாது.

நாளின் வரிசையைப் பூ தீர்மானிக்கிறது. மொட்டு விரியும் முன் பறிக்க வேண்டும் என்பதால் தோட்டத்தில் விடிகாலையிலேயே ஆட்கள் இருப்பார்கள், அங்கேதான் முதலில். வெளிச்சம் குறைவாக இருக்கும். ஐஎஸ்ஓவைக் கண்டபடி ஏற்றாமல் கிழக்கு வெளுக்கும்வரை பொறுத்தால் பதினைந்து நிமிடம் அருமையான வெளிச்சம் கிடைக்கும். அங்கிருந்து நேரே மாட்டுத்தாவணி. தராசு, சாக்கைப் பிரித்துக் கொட்டுவது, சீட்டு எழுதும் கை. கூட்டம் குறைந்த பிறகு கோயில் வாசல், வாழைநாரில் பூக் கட்டும் விரல்கள். அந்த விரல்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள், முன்னாலிருந்தும் தோளுக்கு மேலிருந்தும் எடுங்கள். முழம் விலையைப் பற்றி அக்கா பேசும் எல்லா இடத்துக்கும் அது தாங்கும்.

சந்தையில் ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டாலும் கடைப் பலகை ஃபிரேமில் வராமல் பாருங்கள். ஆரம்ப காலத்தில் நான் செய்த தவறு இது. வேறொரு விளைபொருளைப் பற்றிய உரையாடலில் ஒருவர் "எடையில் அடிக்கிறார்கள்" என்று பொதுவாகச் சொன்னார். நான் அதன் மேல் ஒரு தராசின் க்ளோஸ் ஷாட்டை வைத்தேன், பின்னால் மங்கலாக ஒரு கடையின் பெயர் தெரிந்தது. வெளியான அன்று மாலை அந்தக் கடைக்காரர் போன் செய்தார். அவர் கத்தவில்லை. "தம்பி, என் தராசைக் காட்டி ஏன் இதைச் சொன்னீங்க?" என்றுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீடியோவை எடுத்துவிட்டு மாற்றிப் போட்டேன். அதன் பிறகு குற்றச்சாட்டு வரும் வரிகளின் மேல் வெளிக்காட்சி எதையும் வைப்பதில்லை, சொல்பவரின் முகம் மட்டுமே இருக்கும்.

பருவமும் பொய் சொல்லக் கூடாது. குளிர்காலத்தில் பூ வரத்து குறைந்து விலை ஏறும், கோடையில் வரத்து கூடும். சித்திரையில் மூட்டை மூட்டையாக எடுத்த காட்சியை, தை மாதத் தட்டுப்பாட்டைப் பேசும் இடத்தில் வைத்தால் சந்தையை அறிந்தவர் யாரும் நம்ப மாட்டார்.

8. பெயர்ப்பட்டையும் தலைப்புப்பட்டையும்

எடிட்டர்கள் லோயர் தேர்டு என்று சொல்வதைத்தான் பெயர்ப்பட்டை என்கிறேன். இதில் முதல் வேலை வடிவமைப்பு அல்ல, எழுத்துச் சோதனை. "மொட்டு", "கௌரி", "ஸ்ரீ" என்ற மூன்று சொற்களை உங்கள் மென்பொருளில் தட்டிப் பாருங்கள். 'மொ'வில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால், அந்த மென்பொருள் தமிழைச் சேர்த்து எழுதவில்லை என்று பொருள். அடோபி பிரீமியரில் Preferences உள்ளே Graphics பகுதியில் South Asian and Middle Eastern என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிதாக ஒரு எழுத்துப் பெட்டி திறந்து தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால் Inkscape மாதிரி தமிழைச் சரியாகக் காட்டும் ஒன்றில் பட்டையைச் செய்து, பின்னணி இல்லாத PNG படமாக எடுத்து வைத்துவிடலாம்.

அச்சகத்தில் இருந்து வாங்கிய பழைய எழுத்துருக்களில் பல யூனிகோடு அல்ல. வாட்ஸ்அப்பில் வந்த பெயரை அதில் ஒட்டினால் எழுத்துகள் வேறாகிவிடும் அல்லது தெரியாமலே போகும். யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டும் அமைப்பைத் தொடாதீர்கள், துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

பட்டையின் உயரத்தை ஆங்கிலப் பெயரை வைத்து அளக்காதீர்கள். 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'ழூ'வின் வால் கீழே இறங்கும். "கீழூர்" என்று தட்டிப் பார்த்து, மேலும் கீழும் தட்டாத உயரத்தை வையுங்கள்.

1920க்கு 1080 திரையில் இடமும் வலமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விளிம்பை விடுவது தொலைக்காட்சிக் கணக்கு. இணையத்துக்கு என்றால் கீழ்ப்பக்கம் இன்னும் ஏற்றி, 150 பிக்சல் அளவுக்கு விடுவேன். போனில் தொட்டவுடன் வரும் ஓட்டப்பட்டையும், வசன வரிகளும் அங்கேதான் வரும். பெயர் எழுத்து 54 பிக்சலுக்குக் குறையாமல், இரண்டாவது வரி 38க்குக் குறையாமல் இருந்தால் போனில் படிக்கலாம்.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? இரண்டு வரியையும் வாய்விட்டு, அவசரமில்லாமல் இரண்டு முறை வாசியுங்கள். அதுதான் நேரம், பெரும்பாலும் ஆறு வினாடி வரும். பேசத் தொடங்கி ஒரு வினாடி கழித்து ஏற்றுங்கள், குரலையும் முகத்தையும் முதலில் பார்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பகுதியிலும் அவர் முதல் முறை பேசும்போது மறுபடி போட வேண்டும், நடுவில் வந்து பார்க்கிறவர்கள்தான் அதிகம். ஐந்து பேர், நான்கு பகுதி என்றால் இருபது பட்டை. எல்லாமே தனி முகம் உள்ள ஷாட்டில்தான். வைட் ஷாட்டில் போட்டால் ஐந்து பேரில் யார் பெயர் என்று தெரியாது.

தலைப்புப்பட்டை மேலே இடது மூலையில், ஐந்து சொல்லுக்குள், பார்ப்பவர் கேட்கும் கேள்வியாகவே இருக்கட்டும். "மல்லி விலை நிர்ணயக் கொள்கை" என்று எழுதி வந்ததை "கிலோ விலையை யார் வைப்பது?" என்று மாற்றியபோதுதான் நெறியாளரே தன் கேள்வியைத் திருத்திக்கொண்டார். தலைப்பும் பெயரும் ஒரே நேரத்தில் ஏறக் கூடாது. பகுதி தொடங்கும்போது நெறியாளர் முகத்தின் மேல் தலைப்பு எட்டு வினாடி, அது இறங்கிய பிறகு பெயர். அந்தத் தலைப்பு பகுதி முழுக்கச் சிறிய எழுத்தில் மூலையில் நிற்பதில் தவறில்லை.

9. எடிட்டில் எது முன், எது பின்

படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு முதலில் வெட்டுங்கள். வைட் கேமராவின் மேல் இதைச் செய்தால் போதும். சுருக்கியது புரிகிறதா, ஒருவர் சொன்னதன் பொருள் மாறிவிடவில்லையா என்பதை இந்தக் கட்டத்தில்தான் தீர்க்க வேண்டும். "நல்ல விலைதான், ஆனா வருஷத்துல சில நாள்தான்" என்பதில் பின்பாதியை வெட்டினால் ஒரு விவசாயியின் வாயில் அவர் சொல்லாததை வைக்கிறோம்.

அடுத்து மூன்று கேமராக்களுக்கு இடையே மாற்றுங்கள். அதன் பிறகு பெயர்ப்பட்டைகள், அதன் பிறகுதான் கட்அவே. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கட்அவேயை முதலில் போட்டால், பெயர் ஏற வேண்டிய இடத்தில் பூக்கூடை வந்து உட்கார்ந்திருக்கும், பட்டையை அதற்குப் பின்னால் தள்ளுவீர்கள், பேசுபவர் யார் என்பது இருபதாவது வினாடியில்தான் தெரியும். பட்டைகள் முதலில் இருந்தால் அந்த ஆறு வினாடியும் முகத்துக்கு ஒதுக்கப்பட்டதாகிவிடும்.

கட்அவே வைக்கும்போது சொல்லுக்குச் சொல் படம் காட்ட வேண்டியதில்லை. "தராசு" என்றதும் தராசு, "சாக்கு" என்றதும் சாக்கு என்று போனால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். அவர் ஒரு நடைமுறையை விவரிக்கத் தொடங்கியதும் காட்சிக்குப் போய், தன் அனுபவத்துக்கு வரும்போது முகத்துக்குத் திரும்புங்கள். குரல் தழுதழுக்கும் இடத்தில் எவ்வளவு நல்ல ஷாட் கையில் இருந்தாலும் விலகாதீர்கள். சந்தையின் இரைச்சலை முழுக்க அணைக்காமல் பேச்சுக்கு அடியில் மெல்லியதாக விட்டால் காட்சி உயிரோடு இருக்கும்.

ரீல்ஸுக்குத் துண்டு எடுப்பதாக இருந்தால் பட்டை இல்லாத ஒரு பிரதியையும் வெளியே எடுத்து வையுங்கள். படுக்கைத் திரையின் நடுவில் இருந்து 608 பிக்சல் அகலம்தான் செங்குத்துத் திரைக்கு வரும், இடது மூலையில் இருக்கும் பெயர் வெட்டுப்பட்டுவிடும். அதற்குத் தனியாக நடுவில் பட்டை போட வேண்டும்.

10. வெளியிடும் முன்

முடிந்த வீடியோவை எடிட் செய்த கணினியில் பார்க்காமல் ஒரு சாதாரண போனில், வெளிச்சத்தைப் பாதியாக வைத்துப் பாருங்கள். இரண்டாம் வரி படிக்க முடியாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள்: தலைப்பையும் பெயரையும் மட்டும் பார்த்து, யார் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று புரிய வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொருவருடைய பெயர்ப்பட்டையும் ஏறி நிற்கும் நொடியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவரவருக்கு அனுப்புங்கள். பூக் கட்டும் அக்காவிடம் அந்த மாதிரி போன் இல்லையென்றால், கோயில் வாசலுக்குப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். நால்வரும் சரி என்று சொன்ன பிறகு ஏற்றலாம்.